எபாக்சி முழுதாக இறுகியதா? 915-இல் இருக்கும் சிறு முகட்டைப் படிப்பது எப்படி

இரண்டு பாகமாக வரும் எபாக்சியைக் கலந்து ஊற்றுகிறோம். மறுநாள் தொட்டால் கல் மாதிரி இருக்கிறது. விரலில் ஒட்டவில்லை, நகம் இறங்கவில்லை. இவ்வளவு இருந்தும் உள்ளே வேதிவினை முக்கால் தூரம் மட்டுமே போயிருக்கலாம். தொடுவது கடினத்தைச் சொல்லும். எத்தனை எபாக்சி வளையம் இன்னும் திறக்காமல் கிடக்கிறது என்பதைச் சொல்லாது. அதை நேரடியாகப் பார்க்க ஒரு நல்ல வழி அகச்சிவப்பு நிறமாலை. எஃப்.டி.ஐ.ஆர். கருவி இருந்தால், சாம்பிளுக்கு ஓரிரு நிமிடம் போதும்.

முதலில் அந்த வரைபடத்தில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிடுவோம். மூலக்கூறில் உள்ள பிணைப்புகள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு வகைப் பிணைப்புக்கும் தனக்கென ஒரு அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண் கொண்ட அகச்சிவப்புக் கதிர் வந்தால் பிணைப்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். எந்த இடத்தில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று வரைந்தால், அங்கங்கே முகடுகள் எழும். ஆய்வகத்தில் இவற்றை பீக் என்பார்கள். கிடை அச்சில் இருப்பது அலை எண், அதாவது ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்பது. அதன் அலகு cm⁻¹. வழக்கமாக இடப்பக்கம் 4000-இல் தொடங்கி வலப்பக்கம் 400 வரை இறங்கிவரும். இனி அலகைத் திரும்பத் திரும்ப எழுதாமல் எண்ணை மட்டும் சொல்கிறேன்.

எபாக்சி ரெசின்களில் மிகப் பரவலானது பிஸ்பீனால்-ஏ வகை. அந்த மூலக்கூறின் நடுவில் பென்சீன் வளையங்கள். இரு முனைகளிலும் இரண்டு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்த சின்ன முக்கோண வளையம். இந்த முக்கோணம்தான் எபாக்சைடு. மூன்றே அணுக்களை ஒரு வளையமாக வளைத்திருப்பதால் அது எப்போதும் இறுக்கத்தில் இருக்கும், திறக்க வாய்ப்புக் கிடைத்தால் திறந்துவிடும். ரெசினோடு கலக்கும் இரண்டாம் பாகமான ஹார்டனரில் உள்ள அமீன் வந்து அதைத் திறக்கிறது. அமீனில் உள்ள நைட்ரஜன் ஒரு கார்பனோடு ஒட்டிக்கொள்கிறது. வளையத்தில் இருந்த ஆக்சிஜன் ஹைட்ராக்சில் தொகுதியாக மாறுகிறது. நைட்ரஜனில் உள்ள ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறக்கும். இப்படியே கோத்துக்கொண்டு போய் வலையாகிவிட்டால் அதுதான் இறுகிய எபாக்சி.

எபாக்சைடு வளையத்தின் அதிர்வு 915-க்குப் பக்கத்தில் ஒரு முகடாகத் தெரியும். வளையம் திறந்தால் அந்த அதிர்வு இல்லை, முகடும் இல்லை. பென்சீன் வளையமோ இந்த வினையில் கலந்துகொள்வதே இல்லை. அது 1510-இல் கூர்மையான, உயரமான ஒரு முகட்டைத் தரும். வினை தொடங்குமுன் எவ்வளவோ, முடிந்த பிறகும் அவ்வளவேதான். ஆக, 915 குறையும், 1510 நிலைத்திருக்கும். மொத்தக் கணக்கும் இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது.

விகிதம் எதற்கு, 915-இன் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்று பெரும்பாலும் பயன்படுவது ஏ.டி.ஆர். முறை. ஒரு சின்ன வைரப் படிகத்தின் மேல் சாம்பிளை வைத்து அழுத்துகிறோம். கதிர் படிகத்துக்குள்ளேயே பிரதிபலித்துப் போகும்போது, மேலே ஒட்டியிருக்கும் பொருளுக்குள் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் மட்டும் எட்டிப்பார்த்துத் திரும்புகிறது. திரவ ரெசின் படிகத்தின் மேல் முழுதாகப் பரவி ஒட்டும். இறுகிய துண்டு அப்படி ஒட்டாது. அங்கங்கே காற்று இடைவெளி இருக்கும். அதனால் எல்லா முகடுகளும் ஒருசேரக் குட்டையாகிவிடும். தூரத்தில் நின்று எடுத்த படத்தில் ஒரு மரம் சிறியதாகத் தெரிந்தால், பக்கத்தில் நிற்கும் ஆளோடு ஒப்பிட்டுத்தானே உயரத்தைச் சொல்வோம்? 1510 அந்த ஆள்.

கணக்கு இதுதான்:

```
R = A915 / A1510
α = 1 − R(t) / R(0)
```

R(0) என்பது கலந்த உடனே எடுத்த விகிதம், R(t) என்பது பிறகு எடுத்தது. α என்பது எபாக்சி வளையங்களில் எவ்வளவு பங்கு திறந்துவிட்டது என்ற அளவு. A என்பது உறிஞ்சளவு, அதாவது அப்சார்பன்ஸ். இதில் புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சில கருவிகளில் திரை டிரான்ஸ்மிட்டன்ஸ் சதவீதமாகக் காட்டும். அதில் முகடுகள் தலைகீழாகத் தொங்கும். அந்த ஆழங்களை அளந்து இந்தக் கணக்கில் போட்டால் விடை தவறாகவே வரும். பொருளின் அளவோடு நேர்விகிதத்தில் போவது அப்சார்பன்ஸ் மட்டும்தான். டிரான்ஸ்மிட்டன்ஸ் அதனோடு மடக்கை உறவில் இருக்கிறது. மென்பொருளில் அப்சார்பன்ஸுக்கு மாற்றிக்கொண்டு பிறகு அளக்க வேண்டும்.

சரி, ஒரு உதாரணத்தை எண்களோடு நடத்திப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. ஆனால் போக்கு உண்மையில் நடப்பது போலத்தான்.

பிஸ்பீனால்-ஏ ரெசினையும் ஒரு அமீன் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன எடை விகிதத்தில் கலக்கிறோம். படிகத்தை ஐசோபுரப்பனாலால் துடைத்து, காய்ந்த பிறகு வெறும் படிகத்தில் பின்னணியை எடுக்கிறோம். முகடுகளைப் பிரித்துக் காட்டும் பகுதிறன் 4, ஸ்கேன் 32. இந்த வேலைக்கு அது தாராளம். கலந்த சில நிமிடங்களுக்குள் ஒரு துளியை வைத்து முதல் நிறமாலை. 915-இல் உயரம் 0.124, 1510-இல் 0.310. விகிதம் 0.40. இதுதான் நம் தொடக்கப்புள்ளி. துளியை உடனே துடைத்துவிட வேண்டும்; படிகத்தின் மேலேயே இறுகவிட்டால் பிறகு அதைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாடு.

மறுநாள், அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் இருந்த துண்டு. 915-இல் 0.021, 1510-இல் 0.220. விகிதம் 0.095. அதை 0.40-ஆல் வகுத்தால் 0.24. அதாவது 24 விழுக்காடு வளையங்கள் மிச்சம், 76 விழுக்காடு திறந்துவிட்டன. 915-ஐ மட்டும் பார்த்திருந்தால்? 0.124-இலிருந்து 0.021-க்கு இறங்கியதைக் கொண்டு 83 விழுக்காடு என்று சொல்லியிருப்போம். நடுவில் உள்ள 7 விழுக்காடு வேதிவினையால் வந்தது அல்ல, சாம்பிள் படிகத்தில் சரியாக ஒட்டாததால் வந்தது.

ஏழாம் நாள் 915-இல் 0.015, 1510-இல் 0.230. விகிதம் 0.065, α 84 விழுக்காடு. முதல் நாளில் 76 போனது, அடுத்த ஆறு நாளில் வெறும் 8. இன்னும் ஒரு வாரம் வைத்தாலும் பெரிதாக நகராது. ஏன் நின்றது? ஹார்டனர் தீர்ந்ததா? இல்லை. வலை இறுக இறுக அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறது. அது அறை வெப்பநிலையைத் தாண்டியதும் முழுப் பொருளும் கண்ணாடி போல உறைந்துவிடுகிறது. எபாக்சி வளையமும் இருக்கிறது, அமீனும் இருக்கிறது, ஆனால் ஒன்றை ஒன்று போய்ச் சேர அசைவு இல்லை. கல் மாதிரி இருப்பதும் இதனால்தான், வினை பாதியில் நிற்பதும் இதனால்தான்.

அதே துண்டை 80 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைக்கிறோம். இதை போஸ்ட் க்யூர் என்பார்கள். இப்போது 915-இல் 0.0045, 1510-இல் 0.225. விகிதம் 0.02, α 95 விழுக்காடு. சூட்டில் சங்கிலிகள் மறுபடி அசைந்தன, மிச்சமிருந்தவை சந்தித்துக்கொண்டன.

இந்த 95 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்? 915 முகடு தனியாக நிற்பதில்லை. வலப்பக்கத்தில் 830-க்கு அருகே பென்சீன் வளையத்தின் பெரிய முகடு ஒன்று இருக்கிறது. சுற்றிலும் சின்னச் சின்ன மேடுகள். அதனால் உயரத்தைப் பூஜ்யத்திலிருந்து அளக்கக் கூடாது. முகட்டின் இரு பக்கமும் உள்ள பள்ளங்களை ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் நிறமாலையில் கோட்டின் முனைகளை எந்த அலை எண்களில் வைத்தோமோ, கடைசி வரை அதே அலை எண்கள்தான். சாம்பிளுக்குச் சாம்பிள் கோட்டை நகர்த்தினால் விரும்பிய விடையை வரவழைத்துவிடலாம். கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, கண்ணே அப்படி இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கோடு 0.002 அளவுக்கு ஏறி இறங்கினாலே நம் கடைசி விடை 93-லிருந்து 97 வரை ஆடும். ஆகவே 95-க்கு மேல் போனால் இந்த முகட்டை வைத்து 96-ஆ 98-ஆ என்று சண்டை போடுவதில் பொருளில்லை. அந்தக் கட்டத்தில் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையை, சூடேற்றும்போது பொருள் வாங்கும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியில் அளப்பதே மேல்; வினையின் கடைசிப் பகுதியில் சிறு மாற்றத்துக்கும் அது பல டிகிரி நகரும். அண்மை அகச்சிவப்பில் 4530-க்கு அருகே எபாக்சிக்கு இன்னொரு முகடு உண்டு. அங்கே இடைஞ்சல் குறைவு, ஆனால் அதற்கு வேறு அமைப்பு வேண்டும்.

ஒப்பீட்டுக்கு 1510-ஐ ஏன் எடுத்தேன், 1607-இலும் பென்சீன் முகடு இருக்கிறதே? அமீன் ஹார்டனரில் உள்ள NH₂ தொகுதி ஏறக்குறைய அதே இடத்தில்தான் உறிஞ்சும். வினை நடக்க நடக்க அது குறையும், கூடவே 1607-இன் உயரமும் மாறும். மாறாத ஒன்று வேண்டும் என்றுதானே தேடுகிறோம். 830 முகட்டையும் சிலர் எடுப்பார்கள். அதுவும் ஏற்றதுதான், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதோடு இருக்க வேண்டும். இன்னொரு விஷயம்: தொடக்க விகிதத்தை வெறும் ரெசினில் எடுக்காமல் கலவையில் எடுக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சில ஹார்டனர்களிலும் பென்சீன் வளையம் இருக்கும். அது 1510 பக்கம் தன் பங்கைச் சேர்க்கும். வெறும் ரெசினின் விகிதத்தை R(0) என்று வைத்தால், வினை தொடங்குமுன்பே பத்திருபது விழுக்காடு இறுகிவிட்டது போலக் காட்டும்.

இதுவரை சாம்பிள் எபாக்சிதான் என்று தெரிந்து பேசினோம். லேபிள் இல்லாத ஒரு துண்டு கிடைத்தால், அது எபாக்சியா என்றே முதலில் கேட்க வேண்டும். அதற்கு ஒரு முகடு போதாது, சேர்ந்து வரும் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்பீனால்-ஏ எபாக்சி என்றால் 1607, 1510, 1245, 1182, 1035, 830 ஆகியவை சேர்ந்தே வரும். இறுகியதாக இருந்தால் 3400-ஐச் சுற்றி அகலமான ஹைட்ராக்சில் மேடும் இருக்கும். அப்புறம், 1700-லிருந்து 1800 வரை பார்க்க வேண்டும். அது கார்பனைல் பகுதி. அமீனால் இறுகிய சாதாரண எபாக்சியில் அந்த இடம் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். பாலிகார்பனேட்டிலும் அதே பிஸ்பீனால்-ஏ இருப்பதால் பென்சீன் முகடுகள் ஒத்துப்போகும். ஆனால் 1770-இல் பெரிய முகடு நின்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வைனைல் எஸ்டரும் அப்படித்தான், அதற்கு 1720 பக்கம். ஆனால் ஒரு எச்சரிக்கை: அன்ஹைட்ரைடு ஹார்டனரால் இறுக்கிய எபாக்சியிலும் எஸ்டர் உருவாவதால் 1735-இல் முகடு வரும். கார்பனைல் இருக்கிறது என்பதற்காக எபாக்சி இல்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அந்த வகை எபாக்சியில், முழுதாக இறுகாத நிலையில் 1780-க்கும் 1860-க்கும் அருகே அன்ஹைட்ரைடின் இரட்டை முகடுகளும் தெரியும். வினை நடக்க நடக்க அவை தேயும், 1735 வளரும்.

சாம்பிளில் நிரப்பி கலந்திருந்தால் விளையாட்டே மாறிவிடும். சிலிக்கா 1000 முதல் 1200 வரை ஒரு மலையையே எழுப்பி, அங்குள்ள எபாக்சி முகடுகளை மூடிவிடும். சுண்ணாம்புத்தூளான கால்சியம் கார்பனேட் 875-இல் ஒரு கூர்முகடு தரும். பழகாத கண் அதை எபாக்சைடு என்று எடுத்துக்கொள்ளும். இவற்றை விட மோசமானது கயோலின் களிமண். அதன் ஹைட்ராக்சில் அதிர்வு சரியாக 915-க்கு அருகிலேயே விழுகிறது. எபாக்சி முழுதாக இறுகியிருந்தாலும் முகடு அப்படியே நிற்கும். சந்தேகம் வந்தால் 3620 முதல் 3700 வரை பார்க்கலாம். கயோலின் இருந்தால் அங்கே கூர்மையான முகடுகள் வரிசையாக நிற்கும். எபாக்சிக்கு அந்த இடத்தில் அப்படி எதுவும் கிடையாது.

சாம்பிளை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஏ.டி.ஆர். ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் ஆழம்தான் பார்க்கிறது என்று சொன்னேன் அல்லவா? வார்ப்பின் மேல்தோலை வைத்தால் மேல்தோலைப் பற்றி மட்டும்தான் தெரியும். ஈரப்பதமான காற்றில் இறுகிய எபாக்சியின் மேல் சிலசமயம் பிசுபிசுப்பான, மங்கிய படலம் ஒன்று படரும். ஹார்டனரின் அமீன் மேலே வந்து, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்பு அது. அதன் நிறமாலையைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. புதிதாக வெட்டிய உட்பகுதியை வைப்பதே நல்லது. அதேபோல, தட்டில் மெல்லியதாகத் தடவிய படலமும் கனமான வார்ப்பும் ஒரே வேகத்தில் இறுகாது. கனமான வார்ப்பில் வினையின் சூடு உள்ளேயே தங்கி வேகத்தைக் கூட்டும். மெல்லிய படலத்தில் சூடு உடனே வெளியேறிவிடும். தட்டில் மிச்சமிருந்ததை அளந்துவிட்டு வார்ப்புக்குச் சான்று எழுதுவது சரியில்லை. வார்ப்பிலேயே மூன்று நான்கு இடங்களில் எடுத்து, விகிதம் எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தால் கலவை நன்றாகக் கலந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, இந்த முறையில் பலரும் ஏமாறும் இடம். 915 முற்றிலும் மறைந்துவிட்டால் எபாக்சி நன்றாக இறுகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்த முகடு சொல்வது எபாக்சி வளையம் மிச்சமில்லை என்பதை மட்டும். ஹார்டனர் அதிகமாகப் போய்விட்டால் என்ன ஆகும்? எல்லா வளையமும் சீக்கிரமே தீர்ந்துவிடும், 915 சுத்தமாகப் போய்விடும். ஆனால் வேலையில்லாமல் நிற்கும் அமீன்கள் ஏராளம், பின்னல் தளர்வு, பொருள் மென்மை. நிறமாலையில் α 100 விழுக்காடு, கையில் ரப்பர் மாதிரி. மிச்ச அமீனை இதே நிறமாலையில் பிடிப்பதும் கடினம். அதன் முகடுகளை 3400-இன் ஹைட்ராக்சில் மேடும் 1607-இன் பென்சீன் முகடும் விழுங்கிவிடும்.

ஹார்டனர் குறைந்துவிட்டால் எதிர்ப்பக்கம்: 915 நின்றுகொண்டே இருக்கும். ஆனால் அறை வெப்பத்தில் உறைந்துபோன சரியான கலவையிலும் அது நிற்கத்தானே செய்கிறது, இரண்டையும் எப்படிப் பிரிப்பது? சூடாக்கிப் பார்க்க வேண்டும். துண்டை 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மறுபடி விகிதம் எடுங்கள். நம் உதாரணத்தில் போல 84-லிருந்து 95-க்குப் போனால் கலவையில் குறையில்லை, வெப்பம்தான் போதவில்லை. 84-லேயே நின்றால் வளையங்களைத் திறக்க ஹார்டனர் மிச்சமில்லை என்றே பெரும்பாலும் பொருள். அங்கே மேலும் சூடாக்குவதை விட, எடை போட்ட குறிப்பையும் தராசையும் சரிபார்ப்பதே வழி.